வடிகாலை வெட்டியவர்கள் யார்?

ஒரு மருத்துவர் லண்டனுக்குப் போனால் அதை ‘மூளை வடிகால்’ என்கிறார்கள். ஐ.ஐ.டி.யில் படித்தவன் கலிபோர்னியாவுக்குப் போனால் நாட்டின் இழப்பு என்று தலையங்கம் வருகிறது. அதே விமானத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு செவிலியர் போனால், ‘நல்ல சம்பளமாம், குடும்பம் தலையெடுத்துடும்’ என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. அவளிடம் மூளை இருந்ததாகவே யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அவளுடையவை கைகள். ஊசி போடுகிற, மலம் துடைக்கிற, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கிற கைகள். கைகள் போனால் வேறு கைகள் வரும் என்பது இந்தச் சமூகத்தின் நம்பிக்கை.

இந்தச் சொல்லின் பிறப்பிலேயே இந்த ஓரவஞ்சனை இருக்கிறது. பிரிட்டனின் விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்வதைப் பற்றி ராயல் சொசைட்டி 1963ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதையொட்டி எழுந்த பதற்றத்தில்தான் ‘பிரைன் டிரெய்ன்’ என்ற சொல் ஆங்கிலப் பத்திரிகைகளில் பரவியது. அதே பத்தாண்டில் அதே பிரிட்டன் தன் அரசு மருத்துவமனைகளுக்கு இந்தியாவிலிருந்து மருத்துவர்களையும் கரீபியத் தீவுகளிலிருந்து செவிலியர்களையும் அழைத்துக்கொண்டிருந்தது. தன்னிடமிருந்து போனபோது ‘வடிகால்’ என்றவர்கள், தன்னிடம் வந்தபோது அதற்கு ‘ஆள்சேர்ப்பு’ என்று பெயர் வைத்தார்கள்.

தமிழ் படித்தவளுக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் தெரிகிறது. அகப்பாடல்களில் தலைவி உடன்போக்கில் போய்விட்டால் அவளைத் தேடிப் பாலை நிலத்தில் நடப்பவள் செவிலி. போகிறவள் மகள், புலம்புகிறவள் செவிலி. இன்று செவிலியே போகிறாள். அவளைத் தேடி நடக்க யாரும் இல்லை. ஏன் போனாள் என்று கேட்கவும் யாரும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செலவுக் கணக்கு. ‘மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு ஓடுகிறார்கள்’ என்பதுதான் வழக்கமான குற்றச்சாட்டு. அரசு மருத்துவக் கல்லூரியில் மிகக் குறைந்த கட்டணத்தில் படித்த மருத்துவரைப் பற்றி இதைச் சொன்னால் விவாதிக்க இடமுண்டு. பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி 1970களின் தொடக்கத்தில், இப்படி வெளிநாடு போகும் நிபுணர்களின் வருமானத்தில் ஒரு வரி விதித்து, அதைத் தாய்நாட்டுக்குத் திருப்ப வேண்டும் என்று முன்மொழிந்ததும் இந்த நியாயத்தில்தான். ஆனால் நம் செவிலியர்களில் பெரும்பாலோர் தனியார் கல்லூரிகளில் படித்தவர்கள். அந்தப் படிப்புக்குப் பணம் போட்டது அரசு அல்ல. அம்மாவின் தாலிச்செயின் போட்டது, அடகு வைத்த வீட்டுப் பத்திரம் போட்டது, வங்கியின் கல்விக்கடன் போட்டது. அவள் போவதால் இழப்பு என்று அழுகிறவர்கள், அவள் படித்தபோது எங்கே இருந்தார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பி.எஸ்சி. நர்சிங் முடிக்க ஒரு பெண் 4 லட்சம் ரூபாய் கல்விக்கடன் வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீத வட்டியில் 7 ஆண்டுகளில் அடைக்க வேண்டுமென்றால் மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய். தனியார் மருத்துவமனையில் அவளுக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வைப்போம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 4,500 போனால் மிச்சம் 3,860 ரூபாய். பேருந்து, மருந்து, ஊருக்குப் போய்வர, தம்பியின் ஃபீஸ் எல்லாம் இதிலிருந்துதான். இப்போது மறுபக்கம். பிரிட்டனின் அரசு மருத்துவமனையில் பதிவுபெற்ற செவிலியரின் தொடக்க ஊதியம் 2024-25இல் ஆண்டுக்கு 29,970 பவுண்டு. வரியும் வீட்டு வாடகையும் போவதற்கு முன்பு, மாதம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் ‘அவளுக்கு நாட்டுப்பற்று இல்லை’ என்று சொல்கிறவர், நாட்டுப்பற்றை யார் தலையில் கட்டுகிறார் என்று பாருங்கள். முதலாளி லாபத்தோடு பற்றுவைக்கலாம். அவள் பட்டினியோடு பற்றுவைக்க வேண்டும்.

சரி, சம்பளம் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது? இதற்கான விடையில்தான் இந்த விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. வளைகுடா நாடுகளில் செவிலியர் உரிமம் பெறப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு பணி அனுபவம் கேட்கிறார்கள். மற்ற நாடுகளின் மருத்துவமனைகளும் அனுபவம் உள்ளவர்களையே முதலில் எடுக்கின்றன. ஆகவே படித்து முடித்தவுடன் அந்தப் பெண்ணுக்குச் சம்பளத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது ஓர் அனுபவச் சான்றிதழ். இது மருத்துவமனை நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். எனவே சம்பளத்தின் ஒரு பகுதியைச் சான்றிதழாகக் கொடுக்கிறார்கள். ‘எப்படியும் ரெண்டு வருஷத்துல போயிடப் போறா, இவளுக்கு எதுக்கு இன்கிரிமென்ட்?’ என்பது அந்த நிர்வாகத்தின் மொழி. அவள் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைத்துக்கொள்வதும், பாண்டு பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும், இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்வதும் இந்த ஏற்பாட்டின் காவல்வேலி. 2011இல் மும்பையில் ஒரு மலையாளிச் செவிலியர் தற்கொலை செய்துகொண்டபோது, பாண்டும் முடக்கப்பட்ட சான்றிதழ்களும்தான் போராட்டத்தின் மையப் பிரச்சினையாயின. நாடெங்கும் செவிலியர்கள் வீதிக்கு வந்த காலம் அது.

ஆக, செவிலியர்கள் வெளிநாடு போவதால் பாதிக்கப்படுவதாகப் புலம்பும் தனியார் மருத்துவமனைதான், அவர்கள் வெளிநாடு போவதை நம்பித் தொழில் நடத்துகிறது. போகிற கனவு இல்லையென்றால் இந்தச் சம்பளத்துக்கு யாரும் வரமாட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் படித்து வெளியே வரும் பெண்களால் இந்த இயந்திரம் ஓடுகிறது. வடிகால் தானாக ஏற்பட்டதல்ல, வெட்டப்பட்டது. வெட்டியவர்களுக்கு அதில் வருமானம் இருக்கிறது.

இழப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இழப்பு இருக்கிறது. அதைத் தேட வேண்டிய இடம் வேறு. தலைகளை எண்ணினால் அது தெரியாது. ஒருத்தி போனால் இன்னொருத்தி வருகிறாள். பணியாளர் பட்டியலில் இடம் நிரம்பிவிடுகிறது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு செவிலியருக்குத் தெரிந்தது புதிதாக வந்தவளுக்குத் தெரியாது. நோயாளியின் ரத்த அழுத்தம் சரிவதற்குச் சில மணிநேரம் முன்பே மூச்சு வேகம் கூடுகிறது, சிறுநீர் குறைகிறது, பேச்சில் ஒரு தடுமாற்றம் வருகிறது. மானிட்டரில் மணி அடிப்பதற்கு முன்பே இதைக் கவனித்து மருத்துவரை எழுப்புகிறவள் அனுபவசாலி. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் போட வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஒரே இரவில் எட்டுப் பேரைப் பார்க்க வேண்டியிருக்கும்போது யாரை முதலில் திருப்புவது என்பது புத்தகத்தில் இல்லை. அதை மூத்தவள் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். அந்த மூத்தவள்தான் ரியாத்திலோ லீட்ஸிலோ இருக்கிறாள். நம் வார்டுகள் என்றென்றைக்கும் இரண்டு வயது வார்டுகளாகவே இருக்கின்றன. கற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், கற்றுத்தருகிறவர்கள் இல்லை. இதற்குப் பெயர் என்ன? இதுதான் மூளை வடிகால். கைகள் என்று ஒதுக்கிவைத்த இடத்தில்தான் அந்த மூளை இருந்தது.

இந்த இழப்பை அளக்கும் கருவியும் நம்மிடம் பழுதாகவே இருக்கிறது. நாட்டில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பெருமையோடு சொன்னது. மாநில நர்சிங் கவுன்சில்களின் பதிவேட்டிலிருந்து வந்த எண் அது. பதிவேட்டில் பெயர் இருக்கிறவள் வேலையில் இருக்கிறாளா, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாளா, ஓய்வுபெற்றாளா, துபாயில் இருக்கிறாளா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. பிரிட்டனின் செவிலியர் பதிவேட்டில் இந்தியாவில் படித்தவர்கள் 50,000க்கும் மேல் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய பெயர் இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும். ஒரே பெண்ணை இரண்டு நாடுகள் தங்கள் செல்வமாக எண்ணிக்கொள்கின்றன. அவள் கவனிக்க வேண்டிய நோயாளிக்கு மட்டும் அவள் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நடத்தை நெறியை ஏற்றது. பணியாளர் பற்றாக்குறை கடுமையாக உள்ள நாடுகளிலிருந்து பணக்கார நாடுகள் முனைந்து ஆள் எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2023இல் அப்படிப்பட்ட 55 நாடுகளின் பட்டியலை அது வெளியிட்டது. கானாவும் ஜிம்பாப்வேயும் அதில் உண்டு, இந்தியா இல்லை. நாடு முழுமைக்குமான சராசரியைப் பார்ப்பதால் இந்தியா தப்பிவிடுகிறது. சராசரி என்பது சென்னையின் பெரிய மருத்துவமனையையும், செவிலியர் இடம் காலியாகக் கிடக்கும் ஒரு மலைக்கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பது. அந்தக் கிராமத்தில் பிரசவ வலியோடு வருகிறவளுக்குச் சராசரிச் செவிலியர் கிடைக்கமாட்டார்.

இனி அரசு. 2015இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் ஆயிரக்கணக்கான செவிலியர்களைத் தேர்வு எழுதவைத்து எடுத்தது. மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு சேர்ந்தவர்கள், அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு கொரோனா வந்தது. ஒப்பந்தத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்க்கப்பட்டார்கள். பால்கனியில் நின்று கைதட்டினோம், விளக்கேற்றினோம். 2022ஆம் ஆண்டு முடிந்த அன்று அவர்களில் 2,000க்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தமும் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பினோம். செவிலியர் தட்டுப்பாடு இருக்கும் நாட்டில், வேலை தெரிந்த, தேர்வில் தேறிய, தொற்றுக்கு நடுவில் நின்று வேலை பார்த்த செவிலியர்கள் வேலை கேட்டுத் தெருவில் நிற்கிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டே படிப்பை முடிக்கிற மாணவி ஐ.இ.எல்.டி.எஸ். வகுப்பில் சேர்கிறாள். அவளைத் தள்ளிவிட்டது யார்?

தள்ளிவிட்ட பிறகு அரசுக்குத் திடீரென்று தந்தைப் பாசம் வருகிறது. 2015இல் கேரளத்தில் ஓர் ஆள்சேர்ப்பு முகவர் மீது சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. குவைத் வேலைக்கு வாங்க வேண்டிய கட்டணம் 19,500 ரூபாய். வாங்கியதோ ஒருவருக்கு 19 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். இரண்டு பூஜ்யம் சேர்த்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். குடிபெயர்வோரைக் காக்க வேண்டிய அரசு அதிகாரியே அந்த வழக்கில் சிக்கினார். அதன் பிறகு அரசு செய்தது என்ன? 18 நாடுகளுக்குப் போகும் செவிலியர்கள் அனைவருக்கும் குடியேற்ற அனுமதியைக் கட்டாயமாக்கியது. நோர்கா ரூட்ஸ் போன்ற அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்றது. தனியார் தரகர்களின் கொள்ளையைத் தடுத்த அளவில் இது நல்லதுதான். ஆனால் கவனியுங்கள். அந்த அனுமதி முறை பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளர்களுக்காக உருவானது. நான்காண்டுப் பட்டம் பெற்ற பெண்ணை அதற்குள் கொண்டுவந்தார்கள். அதே வளைகுடாவுக்குப் போகும் ஆண் பொறியாளருக்கு அந்த வேலி இல்லை. ஏமாற்றியவன் தரகன், துணைபோனவர் அதிகாரி, கட்டுப்பாடு வந்தது பெண்ணுக்கு.

2014இல் இராக்கின் திக்ரித்தில் சிக்கிய 46 செவிலியர்கள் மீண்டு வந்ததை நாடே கொண்டாடியது. மலையாளத்தில் படமும் வந்தது. குண்டு விழும் ஊரைவிட்டு வரத் தயங்கிய பெண்கள் அவர்களுக்குள் இருந்தார்கள் என்பது செய்திகளில் ஒரு ஓரமாக வந்துபோனது. மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. ஊரில் கடன் இருக்கிறது. போரைவிட வங்கித் தவணை பயங்கரமாக இருந்திருக்கிறது. மகள்களை மீட்டோம் என்று மார்தட்டியவர்கள் அந்தக் கடனை மீட்கவில்லை.

‘அவர்கள் அனுப்பும் பணம் நாட்டுக்கு நன்மைதானே?’ என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நன்மைதான். 1960களில் கத்தோலிக்கத் திருச்சபை வழியாக மேற்கு ஜெர்மனிக்குப் போன கேரளப் பெண்களிலிருந்து, எண்ணெய் விலை உயர்வுக்குப் பிறகு வளைகுடாவுக்குப் போனவர்கள் வரை, அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடுகள் எழுந்தன, தங்கைகள் படித்தார்கள். ‘நர்சு வேலைக்குப் போன பொண்ணா?’ என்று முகம் சுளித்த அதே கல்யாணச் சந்தை, விசா வந்ததும் அவளைத் தேடி வந்தது. சொந்தச் சம்பளத்தில் முடிவெடுக்கும் ஒரு தலைமுறைப் பெண்கள் உருவானார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அனுப்பிய பணம் மருத்துவமனை கட்டவில்லை. வரதட்சிணையாகவும் கான்கிரீட்டாகவும் மாறியதே அதிகம். அவள் ஈட்டியதைச் செலவழிக்கும் அதிகாரம் அப்பாவிடமோ அண்ணனிடமோ கணவனிடமோ போய்ச் சேர்ந்தது. அவள் அங்கே இன்னொருவரின் தாயைக் குளிப்பாட்டும்போது, இங்கே அவள் தாயைக் குளிப்பாட்ட அண்ணியும், வீட்டு வேலைக்கு வரும் தலித் பெண்ணும் இருந்தார்கள். பராமரிப்பு உழைப்பு ஒரு சங்கிலி. அதன் கடைசிக் கண்ணியில் இருப்பவளுக்குச் சம்பளமும் இல்லை, விசாவும் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? போகாதே என்று தடுப்பது தீர்வல்ல. பிலிப்பைன்ஸ் அதைச் செய்து பார்த்தது. கொரோனா காலத்தில் செவிலியர்கள் வெளிநாடு போவதை நிறுத்திவைத்தது. பிறகு ஆண்டுக்கு 5,000 பேர் என்று வரம்பு வைத்தது. பிறகு வரம்பை உயர்த்தியது. ஊதியம் உயராதபோது வரம்பு ஒரு சிறைக்கதவு, அவ்வளவுதான். கதவு திறந்தவுடன் வரிசை இன்னும் நீண்டிருக்கும். நம் வீடுகளில் பெண்ணை இருத்திவைக்கப் பூட்டுப் போடுகிறவர்களின் அதே புத்திதான் இதிலும் இருக்கிறது.

பூட்டுக்குப் பதிலாகக் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, சம்பளம். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி அமைந்த நிபுணர் குழு 2016இலேயே சொல்லிவிட்டது: 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது; 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். கேரளச் செவிலியர்கள் சங்கமாகத் திரண்டு போராடியதால் 2018இல் அங்கே 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்கப்பட்டது. இங்கே அந்தப் பரிந்துரை கோப்பில் தூங்குகிறது. அதைச் சட்டமாக்குங்கள், சான்றிதழைப் பூட்டிவைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குங்கள்.

இரண்டு, நிரந்தரப் பணி. தேர்வெழுதி வந்தவளை ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் அரசுக்கு, தனியார் மருத்துவமனையைக் கேள்வி கேட்கும் வாய் இருக்காது.

மூன்று, எடுத்துக்கொள்கிறவர்கள் ஈடு கொடுக்க வேண்டும். கேரளத்திலிருந்து ஜெர்மனி ‘டிரிபிள் வின்’ திட்டத்தில் செவிலியர்களை எடுக்கும்போது அவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. அது குறைந்தபட்ச நாகரிகம். ஆனால் ஜெர்மனி அந்தப் பெண்ணின் நான்காண்டுப் படிப்பை இலவசமாகவே பெற்றுக்கொள்கிறது. பகவதி வரியைப் போகிற பெண்ணிடம் கேட்டார். நான் அழைத்துக்கொள்கிற அரசிடம் கேட்கிறேன். ஒரு செவிலியரை எடுத்தால், இங்கே ஓர் அரசு நர்சிங் கல்லூரியில் ஓர் ஏழைப் பெண்ணின் முழுப் படிப்புச் செலவை ஏற்கட்டும். பத்துப் பேரை எடுத்தால், கற்றுத்தரும் மூத்த செவிலியர் ஒருவரின் ஊதியத்தைத் தரட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நெறி கைகட்டி நிற்கும் அறிவுரையாக இருக்கும்வரை, கொடுக்கல் வாங்கலில் கொடுப்பது மட்டும்தான் நம் பங்கு.

இந்தப் புத்தகத்தைப் படிக்கும் மாணவிகளில் நர்சிங் படிப்பவர்கள் இருக்கலாம். போக நினைத்தால் போங்கள். யாருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதில்லை. போகும் முன் ஒப்பந்தத்தில் ‘இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை’ என்ற வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஊரில் விட்டுவந்த பாண்டு அங்கே ஆங்கிலத்தில் காத்திருக்கும். இருக்க நினைத்தால் இருங்கள். ஆனால் தனியாக இருக்காதீர்கள். சங்கத்தில் சேர்ந்து இருங்கள். 20,000 ரூபாயைக் கேரளத்துப் பெண்களுக்கு நாட்டுப்பற்று வாங்கித்தரவில்லை, சங்கம் வாங்கித்தந்தது.